ஆக்சிஜனைத் திருப்பித் தரும் நொதிகள், தராத நொதிகள்

காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் வெண்ணுரை பொங்கும். மருந்து வேலை செய்கிறது என்று நாம் நிம்மதி அடைகிறோம். உண்மையில் அங்கே வேலை செய்வது நம் ரத்தம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜப்பானின் ஒகாயாமாவில் காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்த ஷிகேயோ தகஹாரா, வாய்க்குள் தசை அழுகிக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அறுவை சிகிச்சை செய்தார். அழுகிய பகுதியை அகற்றிவிட்டு, வழக்கம்போல அந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினார். நுரை வரவில்லை. சிவப்பாக இருந்த ரத்தம் கண்ணெதிரே கரும்பழுப்பாக மாறியது.

புட்டி மாறிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகம் வந்தது. புட்டி சரியாகவே இருந்தது. சிறுமியின் ரத்தத்தில் ஒரு நொதி இல்லை. அதன் பெயர் கேட்டலேஸ். நொதி என்பது உயிர்வேதி வினைகளை விரைவுபடுத்தும் புரதம். ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பது கேட்டலேஸின் வேலை. நாம் காணும் நுரை, அப்படி வெளியேறும் ஆக்சிஜன் குமிழிகளே. நொதி இல்லாத ரத்தத்தில் பெராக்சைடு உடையாமல் நின்று, சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினையே தாக்கிக் கருக்கச் செய்தது. சிறுமியின் உடன்பிறந்தவர்கள் சிலரிடமும் இதே குறை இருந்தது. இது பரம்பரையாக வருவது என்று தெரிந்துகொண்ட தகஹாரா, 1952-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள் தாமாகவே சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரக்கின்றன. மற்றவர்களின் ரத்தம் அதை உடனுக்குடன் உடைத்துவிடுகிறது. இந்தக் குடும்பத்தில் அது உடையாமல் தங்கி, ஈறுகளின் திசுவை அரித்தது.

பாக்டீரியா சுரப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆக்சிஜனோடு வாழும் ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே இந்த நஞ்சை நொடிதோறும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அதன் காரணம் ஆக்சிஜன் மூலக்கூறின் அமைப்பிலேயே இருக்கிறது.

பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்திருக்கும். ஆக்சிஜனில் மட்டும் இரண்டு எலக்ட்ரான்கள் இணையின்றித் தனித்தனியே நிற்கின்றன. அதனால் அது ஒரே சமயத்தில் ஓர் இணை எலக்ட்ரானை எளிதாக வாங்க முடியாது. ஒவ்வொன்றாகத்தான் வாங்கும். ஆக்சிஜன் முழுவதும் நீராக மாற நான்கு எலக்ட்ரான்கள் வேண்டும். நம் செல்களில் மூச்சின் கடைசிக் கட்டத்தை நடத்தும் நொதி, நான்கையும் கொடுத்து முடிக்கும்வரை ஆக்சிஜனைத் தன் பிடியிலிருந்து விடுவதே இல்லை. அங்கே சிக்கல் எழுவதில்லை. செல்லின் மற்ற இடங்களில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் வேறு பல நொதிகள் இருக்கின்றன. அவற்றின் மீது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு தற்செயலாக மோதும்போது, அது ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

ஓர் எலக்ட்ரானோடு போனது சூப்பராக்சைடு. இரண்டாவதும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மூன்றாவதும் சேர்ந்தால் அது பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பு ஆகிறது. இணையற்ற எலக்ட்ரானோடு அலையும் துணுக்கைத்தான் தனியுறுப்பு என்கிறோம். இந்த மூன்றாவது துணுக்கு எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த இடத்தில் எது இருக்கிறதோ, அது டிஎன்ஏ ஆனாலும் கொழுப்பானாலும், அதையே தாக்கும். இதைத் தடுக்கும் நொதி எந்த உயிரிலும் இல்லை. இருக்கவும் முடியாது. நொதி ஒன்று வந்து பிடிப்பதற்குள் அது வேறு எதையாவது தாக்கி முடித்திருக்கும். ஆகவே செல் முன்கூட்டியே தடுக்கிறது. சூப்பராக்சைடையும் பெராக்சைடையும் அழித்துவிட்டால் மூன்றாவது பிறக்கவே பிறக்காது.

சூப்பராக்சைடை அழிக்கும் நொதி கண்டுபிடிக்கப்பட்டது ஓர் அசுத்தத்தின் வழியாக. 1960-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச் ஆய்வகத்தில் ஜோ மெக்கார்ட் என்ற இளம் ஆய்வு மாணவர் ஒரு வினையை அலசிக்கொண்டிருந்தார். அந்த வினையைச் சில புரதங்கள் நிறுத்திவிட்டன. நிறுத்துவதற்கு அவற்றுக்குக் காரணமே இல்லை. தோண்டித் துருவியதில், வினையை நடத்துவது சூப்பராக்சைடு என்றும், நிறுத்துவது அந்தப் புரதங்கள் அல்ல, அவற்றோடு துளியளவு கலந்திருந்த வேறொரு புரதம் என்றும் தெரிந்தது. மாட்டு ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது அடுத்த ஆச்சரியம் வந்தது. நீலப்பச்சை நிறம் கொண்ட, தாமிரம் உள்ள அந்தப் புரதம் 1938-லேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அது என்ன செய்கிறது என்பது தெரியாததால், தாமிரத்தைச் சேமித்து வைக்கும் புரதமாக இருக்கலாம் என்று விட்டுவிட்டிருந்தார்கள். 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் அதற்கு உரிய பெயரைச் சூட்டினார்கள்: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்.

இந்த நொதியின் தந்திரம் எளிமையானது. அதன் உள்ளே இருக்கும் தாமிர அணுவிடம் முதல் சூப்பராக்சைடு வருகிறது. தன்னிடம் மிகையாக உள்ள எலக்ட்ரானைத் தாமிரத்திடம் கொடுத்துவிட்டு, சாதாரண ஆக்சிஜனாக வெளியே போகிறது. பிறகு இரண்டாவது சூப்பராக்சைடு வருகிறது. தாமிரம் வைத்திருந்த எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்கிறது. நீரிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடாக வெளியேறுகிறது. தாமிரம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. நொதி எதையும் இழக்கவில்லை, எரிபொருள் எதையும் செலவழிக்கவில்லை. ஒரே வகைத் துணுக்குகள் இரண்டில் ஒன்று கொடுக்க மற்றொன்று வாங்கும் இந்த வினைக்குத்தான் டிஸ்மியூட்டேஷன் என்று பெயர்.

நொதி இல்லாவிட்டாலும் இரண்டு சூப்பராக்சைடுகள் நேருக்கு நேர் சந்தித்தால் இதே வினை நடக்கும். ஆனால் சந்திக்க வேண்டுமே. இரண்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுகின்றன. அவை அரிதாக அரிதாகச் சந்திப்பும் அரிதாகிறது. நொதி இதைத் தன் உடலமைப்பாலேயே தீர்த்திருக்கிறது. 1983-இல் எலிசபெத் கெட்சாஃபும் அவருடைய சகாக்களும் காட்டியபடி, தாமிரத்துக்குப் போகும் பள்ளத்தைச் சுற்றி நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் அமர்ந்திருக்கின்றன. புரதத்தின் மொத்த மின்னூட்டம் எதிர். பள்ளத்தின் வாய் மட்டும் நேர். ஆகவே அருகே வரும் சூப்பராக்சைடு மற்ற இடங்களில் விலக்கப்பட்டு, பள்ளத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. தாமிரம் வெளியே தெரியும் பரப்போ புரதத்தின் மேற்பரப்பில் மிகச் சிறிய பங்கு. அப்படியிருந்தும், நீரில் மிதந்து வந்து மோதும் வேகம் எவ்வளவு அனுமதிக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு வேகத்தில் இந்த நொதி வேலை செய்கிறது.

விளைவை ஈ.கோலை பாக்டீரியாவில் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றில் வளரும் ஓர் ஈ.கோலை செல்லில் நொடிக்குச் சில ஆயிரம் சூப்பராக்சைடுகள் பிறக்கின்றன. ஆனால் ஏதேனும் ஒரு கணத்தில் பத்து செல்களைத் திறந்து பார்த்தால், அவற்றில் எல்லாமாகச் சேர்த்தே ஒரு சூப்பராக்சைடுதான் சராசரியாகக் கிடைக்கும். பிறந்த மறுகணமே அழிந்துவிடுகின்றன. அந்த மறுகணம் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் டிஸ்மியூட்டேஸ் ஒரு நஞ்சை அழித்து இன்னொரு நஞ்சைத்தான் தருகிறது. அங்கேதான் கேட்டலேஸ் வருகிறது. நான்கு துண்டுகள் சேர்ந்த பெரிய புரதம் இது. ஒவ்வொரு துண்டின் ஆழத்திலும் ஹீமோகுளோபினில் உள்ளது போலவே ஒரு ஹீம் வளையம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. அங்கே போகும் பாதை மிகக் குறுகியது. பெராக்சைடு போன்ற சிறு மூலக்கூறுகளுக்கே எளிதில் வழிவிடும். முதல் பெராக்சைடு தன் ஆக்சிஜன் அணு ஒன்றை இரும்பிடம் விட்டுவிட்டு நீராகிறது. இரண்டாவது வந்து இரும்பைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அந்த வினையில் ஆக்சிஜனும் இன்னொரு நீரும் வெளியேறுகின்றன. இங்கேயும் கொடுப்பதும் வாங்குவதும் பெராக்சைடுகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பெராக்சைடு மிகுந்திருந்தால் ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்கு ஒரு கோடி அளவில்கூட உடைக்கும். ஒன்று, இரண்டு என்று நொடிக்கு ஓர் எண்ணாக நீங்கள் இரவு பகல் எண்ணினால் ஒரு கோடியைத் தொட ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும்.

இந்தக் காவல் இல்லாவிட்டால் செல்லில் முதலில் எது பழுதாகும்? பாரிஸில் டானியெல் துவாத்தியும் கார்லியோஸும் 1986-இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஈ.கோலையின் செல்லுக்குள் இருக்கும் இரண்டு டிஸ்மியூட்டேஸ் மரபணுக்களையும் நீக்கினார்கள். காற்றில்லாத இடத்தில் அந்த பாக்டீரியா சுகமாக வளர்ந்தது. காற்றில், எல்லா அமினோ அமிலங்களையும் ஊட்டினால் மெதுவாகவேனும் வளர்ந்தது. சர்க்கரையும் உப்புகளும் மட்டும் கொடுத்து, ‘அமினோ அமிலங்களை நீயே செய்துகொள்’ என்று விட்டால் வளரவே இல்லை. சூப்பராக்சைடு கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் எரிப்பதில்லை, குறிப்பிட்ட சில நொதிகளைத்தான் குறிவைக்கிறது என்பது இந்தச் சோதனையிலிருந்து தெரிந்தது.

வேலின், லூசின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்களைச் செய்யும் பாதையில் ஒரு நொதி உண்டு. அதன் மையத்தில் நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் கனசதுரம்போல் கோத்த ஒரு கொத்து இருக்கிறது. நான்கு இரும்புகளில் மூன்றைப் புரதம் இறுகப் பிடித்திருக்கிறது. நான்காவது, வேலை செய்ய வேண்டிய மூலக்கூறைப் பற்றிக்கொள்வதற்காகத் திறந்து நிற்கிறது. அதே திறந்த இரும்பை சூப்பராக்சைடும் தொட்டுவிடுகிறது. கொத்து குலைந்து, அந்த இரும்பு கழன்று விழுகிறது. நொதி செயலிழக்கிறது, அந்த அமினோ அமிலங்கள் கிடைக்காமல் செல் பட்டினி கிடக்கிறது. தீமை அதோடு நிற்பதில்லை. கழன்ற இரும்பு செல்லுக்குள் மிதந்து போய் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெராக்சைடு அந்த இரும்பைச் சந்தித்தால் அங்கேயே, டிஎன்ஏவின் மேலேயே, ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் கடுமையான ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்று ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலர் 1894-லேயே எழுதியிருந்தார். செல்லுக்குள் நடப்பதும் அவருடைய வினையேதான்.

இனி, இந்த இரு நொதிகளும் இல்லாத உயிர்களிடம் வருவோம். காற்றில்லாத சேற்றிலும், விலங்குகளின் குடலிலும், கடலடி வெந்நீர் ஊற்றுகளிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் பட்டால் வளர்ச்சியை நிறுத்திவிடும், சில செத்தும் போகும். இவற்றைக் கட்டாயக் காற்றிலா உயிரிகள் என்பார்கள். 1971-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சகாக்களோடு பல நுண்ணுயிர்களை எடுத்துச் சோதித்தார்கள். காற்றில் வாழ்பவற்றில் இரு நொதிகளும் இருந்தன. ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல், ஆனால் பொறுத்துக்கொள்பவற்றில் டிஸ்மியூட்டேஸ் இருந்தது, கேட்டலேஸ் இல்லை. கட்டாயக் காற்றிலா உயிரிகளில் இரண்டுமே இல்லை. நொதி இல்லை, அதனால் காற்றில் வாழ முடியவில்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். பாடநூல்கள் இன்றும் இதையே சொல்கின்றன.

மருத்துவ ஆய்வகங்களில் இந்த வேறுபாடு அன்றாடம் பயன்படுகிறது. கண்ணாடிச் சில்லில் பாக்டீரியாவைத் தடவி ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். குமிழி வந்தால் ஸ்டஃபைலோகாக்கஸாக இருக்கலாம், வராவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் லூகோனோஸ்டாக் பாக்டீரியாவும் குமிழி தராத வகைதான்.

ஆனால் 1971-இன் முடிவு பாதி உண்மைதான். பின்னர் தேடியபோது, காற்றிலா உயிரிகள் சிலவற்றில் இந்த நொதிகள் இருப்பது தெரிந்தது. நம் பெருங்குடலில் வாழும் பாக்டராய்டஸ் ஃபிராஜிலிஸ் இரண்டையுமே வைத்திருக்கிறது. ஆனாலும் அதனால் திறந்த காற்றில் வளர முடியாது. மறுபக்கம், லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியா டிஸ்மியூட்டேஸ் இல்லாமலே காற்றில் நன்றாக வளர்கிறது. தன் செல்லுக்குள் மாங்கனீசு அயனிகளை ஏராளமாகக் குவித்து, அவற்றைக் கொண்டே சூப்பராக்சைடை அழித்துவிடுகிறது. நொதி இருப்பதும் காற்றைத் தாங்குவதும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தவில்லை.

புதிருக்கு அழகான விடை 1999-இல் வந்தது. இத்தாலியின் வல்கானோ தீவையொட்டிய கடற்கரையில், சூடான மணல்படிவில் வாழும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற நுண்ணுயிர் 100 டிகிரி செல்சியசில்தான் செழித்து வளரும். ஆக்சிஜன் அதற்கு ஆகாது. டிஸ்மியூட்டேஸும் கேட்டலேஸும் அதனிடம் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆடம்ஸின் குழு, சூப்பராக்சைடை அழிக்கும் வேறொரு புரதத்தை அதில் கண்டுபிடித்தது. சூப்பராக்சைடு ரிடக்டேஸ் என்பது அதன் பெயர். இரும்பு கொண்ட இந்தப் புரதம், சூப்பராக்சைடு இரண்டை ஒன்றோடொன்று மோத விடுவதில்லை. செல்லின் கையிருப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி, சூப்பராக்சைடுக்கு நேரடியாகக் கொடுத்து, அதைப் பெராக்சைடாக மாற்றுகிறது. அடுத்து ரூப்ரெரித்ரின் என்ற இன்னொரு புரதம் மேலும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து, பெராக்சைடை நீராக்கிவிடுகிறது.

இதன் நுட்பம் எளிய கணக்கில் தெரியும். நம் வழியில் நான்கு சூப்பராக்சைடுகள் டிஸ்மியூட்டேஸுக்குள் போனால் இரண்டு ஆக்சிஜனும் இரண்டு பெராக்சைடும் வரும். அந்த இரண்டு பெராக்சைடுகள் கேட்டலேஸுக்குள் போனால் இரண்டு நீரும் இன்னொரு ஆக்சிஜனும் வரும். ஆக, எலக்ட்ரான் செலவே இல்லை, ஆனால் நான்கில் மூன்று மறுபடி ஆக்சிஜனாகத் திரும்பிவிடுகின்றன. ஆக்சிஜனில் வாழும் நமக்கு இதனால் நட்டமில்லை. சுற்றிலும் ஏற்கெனவே ஆக்சிஜன்தானே. காற்றிலா உயிரியின் செல்லிலோ எலக்ட்ரானைக் கொடுக்கத் தயாராக நிற்கும் நொதிகள் நிரம்பியிருக்கின்றன. திரும்பி வரும் ஒவ்வோர் ஆக்சிஜனும் அவற்றில் மோதி மறுபடி சூப்பராக்சைடு ஆகும். சுழற்சி முடியாது. பைரோகாக்கஸின் வழியில் அதே நான்கு சூப்பராக்சைடுகளும் எட்டு நீர் மூலக்கூறுகளாகின்றன. பன்னிரண்டு எலக்ட்ரான்கள் செலவு, ஆனால் ஓர் ஆக்சிஜன்கூடத் திரும்பி வருவதில்லை. ஆகவே பல காற்றிலா உயிரிகளில் டிஸ்மியூட்டேஸ் இல்லாததைக் குறைபாடு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தம் இடத்துக்குப் பொருந்தும் வேறு கருவியை அவை வைத்திருக்கின்றன.

அந்தக் கருவி எப்போது உதவும் என்பதும் ஆடம்ஸ் குழுவின் ஆய்வில் வெளிப்பட்டது. நுண்ணுயிர் வளர 100 டிகிரி வேண்டும், ஆனால் ரிடக்டேஸ் 25 டிகிரியிலும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. காரணம் ஊகிக்கக்கூடியதே. ஊற்றின் கொதிநீரில் ஆக்சிஜன் இல்லை. நுண்ணுயிர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் குளிர்ந்த கடல்நீரில் விழும்போதுதான் ஆக்சிஜனைச் சந்திக்கிறது. உடலின் மற்ற நொதிகள் குளிரில் உறைந்தாற்போல் நிற்க, இது மட்டும் விழித்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும் அவை ஏன் காற்றில் வளர முடியவில்லை? இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் இம்லேயின் ஆய்வகம் மனிதக் குடல் பாக்டீரியாவான பாக்டராய்டஸ் தீட்டாஅயோட்டாமைக்ரானில் இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது. காற்று பட்டதும் அதன் உணவு எரிக்கும் பாதையில் இரண்டு இடங்கள் அடைபட்டன. இரண்டிலும் இரும்பு–கந்தகக் கொத்து உள்ள நொதிகள். சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டைக் கையாளும் நொதி அவற்றில் ஒன்று. காற்றில் வாழும் உயிரிகள் இதே வேலைக்குக் கொத்து இல்லாத வேறு நொதியைப் பயன்படுத்துகின்றன. காற்றிலா உயிரியின் நொதி, எலக்ட்ரான்களை மிக உயர்ந்த ஆற்றலோடு எடுத்துக் கொடுக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பிழைக்க அந்த ஆற்றல் தேவை. ஆனால் அவ்வளவு தாராளமாக எலக்ட்ரான் தரும் கொத்து, ஆக்சிஜனுக்கும் தந்துவிடும். மீண்டும் காற்றை அகற்றியபோது பாக்டீரியா அடைப்பைச் சரிசெய்துகொண்டு வளரத் தொடங்கியது. அது சாகவில்லை, நின்றுபோயிருந்தது.

காற்றிலா உயிரிகளிடம் சொந்தக் கருவி இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று 2008-இல் ஜெர்மனியின் ராஸ்டாக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அசிட்டோனும் பியூட்டனாலும் தயாரிக்கப் பயன்பட்ட கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிகம் கட்டாயக் காற்றிலா உயிரி என்று எல்லோரும் அறிந்தது. ரூப்ரெரித்ரின் வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் அதனிடமும் உண்டு. பெர்ஆர் என்ற ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் பெர்ஆர் மரபணுவை மட்டும் நீக்கினார்கள். புதிய நொதி எதையும் சேர்க்கவில்லை. அந்த பாக்டீரியா நெடுநேரம் காற்றைத் தாங்கியது, சூழ்ந்திருந்த ஆக்சிஜனை வேகமாகத் தின்று தீர்த்தது, ஓரளவு காற்றிலேயே வளரவும் செய்தது.